x²-இன் பரப்புக்கு எந்தச் செவ்வகம்? இடமுனை, வலமுனை, நடுப்புள்ளி, பெருக்குத் தொடர்: ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்பில் வரையறுத்த தொகையீட்டைக் கூட்டுத்தொகையின் எல்லையாகக் காணும் பாடம் வந்ததும், யாராவது ஒரு மாணவர் கையைத் தூக்கிவிடுவார். "சார், செவ்வகத்தின் உயரத்தை இடது முனையில் எடுப்பதா, வலது முனையிலா? இரண்டு நோட்ஸில் இரண்டு விதமாக இருக்கிறது. மூன்றாவதில் நடுப்புள்ளி என்று போட்டிருக்கிறது." எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான் என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்துவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஆனால் விடை ஒன்றாக இருந்தாலும் வேலை ஒன்றல்ல. பிழை நுழையும் வாசல்களும் வேறு வேறு.

எல்லா வழிகளுக்கும் ஒரே கணக்கை எடுத்துக்கொள்கிறேன்: ∫₁³ x² dx. அதாவது y = x² என்ற வளைவரைக்குக் கீழே, x = 1 முதல் x = 3 வரை உள்ள பரப்பு. 0-விலிருந்து தொடங்காமல் 1-இலிருந்து தொடங்குவது வேண்டுமென்றேதான். 0-விலிருந்து தொடங்கினால் கணக்கு அளவுக்கு மீறி எளிதாகி, உண்மையான சிக்கல்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

## தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது

கோஷி 1823-இல் தொகையீட்டை வரையறுத்தபோது ஒவ்வொரு துண்டின் இடது முனையையே உயரத்துக்கு எடுத்துக்கொண்டார். ரீமன் 1854-இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். அவருடைய வரையறை இப்படிப் போகும்: இடைவெளியை எப்படி வேண்டுமானாலும் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் எந்தப் புள்ளியை வேண்டுமானாலும் எடுத்து, அங்கே சார்பின் மதிப்பை உயரமாக வைத்துச் செவ்வகம் கட்டுங்கள். எல்லாச் செவ்வகங்களின் பரப்பையும் கூட்டுங்கள். மிக அகலமான துண்டின் அகலம் 0-வை நெருங்கும்போது, எப்படி வெட்டியிருந்தாலும் எந்தப் புள்ளியை எடுத்திருந்தாலும் கூட்டுத்தொகை ஒரே எண்ணை நெருங்க வேண்டும். அந்த எண்தான் வரையறுத்த தொகையீடு.

வரையறை இப்படி "எல்லாத் தேர்வுகளுக்கும்" என்று கேட்கும்போது, நாம் ஒரே ஒரு தேர்வை வைத்துக் கணக்கை முடிப்பது எப்படிச் சரியாகும்? இடையில் ஒரு தேற்றம் உதவிக்கு வருகிறது. மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்புக்கு இந்த எல்லை உறுதியாக இருக்கும். எல்லை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்தப் பாதையில் போனாலும் அங்கேதான் போய்ச் சேருவோம். பல்லுறுப்புக்கோவைகள் எல்லா இடத்திலும் தொடர்ச்சியானவை என்பதால் நமக்குத் தேர்வுரிமை கிடைக்கிறது. விடைத்தாளில் "x² தொடர்ச்சியானது, ஆகவே சமதுண்டுகளையும் வலது முனைகளையும் எடுக்கலாம்" என்று ஒரு வரி எழுதச் சொல்லி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த வரி இல்லாமல் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சார்பு போதும். விகிதமுறு எண்களில் 1, விகிதமுறா எண்களில் 0 என்று மதிப்புக் கொள்ளும் சார்பை 0 முதல் 1 வரை எடுத்துக்கொள்ளுங்கள். சமதுண்டுகளாக வெட்டினால் இடது முனை, வலது முனை, நடுப்புள்ளி மூன்றுமே விகிதமுறு எண்கள். ஆகவே மூன்று வழிகளிலும், எந்த n-க்கும், கூட்டுத்தொகை 1. ஆனால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு விகிதமுறா எண்ணை எடுத்தால் கூட்டுத்தொகை 0 ஆகிவிடும். இந்தச் சார்புக்கு ரீமன் தொகையீடே கிடையாது. மூன்று சாட்சிகள் ஒரே குரலில் பேசினாலும் வழக்கு நிற்காத இடம் இது.

## எதை வைத்து எடைபோடுவது

மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். முதலாவது, இயற்கணித வேலை எவ்வளவு? இரண்டாவது, எல்லைக்குப் போகும் முன்பே, n = 4 என்று நிறுத்திக்கொண்டால் அந்த எண் நமக்கு என்ன சொல்கிறது? மூன்றாவது, சார்போ இடைவெளியோ மாறினால் இந்த வழி தாங்குமா?

## வலது முனை

இடைவெளியின் நீளம் 2. அதை n சமதுண்டுகளாக்கினால் ஒவ்வொன்றின் அகலம் 2/n. i-ஆவது துண்டின் வலது முனை 1 + 2i/n. கூட்டுத்தொகை:

```
Rₙ = (2/n) Σ (1 + 2i/n)²,   i = 1, 2, ..., n
   = (2/n) [ Σ1 + (4/n) Σi + (4/n²) Σi² ]
   = (2/n) [ n + 2(n+1) + 2(n+1)(2n+1)/(3n) ]
   = 26/3 + 8/n + 4/(3n²)
```

இங்கே பயன்பட்டவை Σi = n(n+1)/2, Σi² = n(n+1)(2n+1)/6 என்ற இரண்டு சூத்திரங்கள் மட்டுமே. இரண்டாவது சூத்திரம் ஆரியபட்டர் 499-இல் சொன்னதுதான். n முடிவின்றிப் பெருகும்போது 8/n, 4/(3n²) இரண்டும் மறைந்து 26/3 நிற்கிறது.

இயற்கணித வேலையில் இதுதான் மிக இலேசானது. i ஒன்றிலிருந்து n வரை ஓடுவதால், மனப்பாடமாகத் தெரிந்த சூத்திரங்கள் எந்த மாற்றமும் இல்லாமல் பொருந்துகின்றன. தேர்வு அறையில் நேரத்தோடு போட்டியிடுபவருக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனால் கிடைக்கும் மதிப்பு விடையிலிருந்து தொலைவில் நிற்கும். n = 4 என்றால் 10.75. உண்மை விடை 8.667 என்பதை நினைத்துப் பாருங்கள். பிழை 0.01-க்குக் கீழே வர வேண்டுமென்றால் 801 செவ்வகங்கள் தேவைப்படும். கடைசி வரியில் இருக்கும் 8/n என்ற உறுப்புதான் அதற்குக் காரணம். n-ஐ இரட்டித்தால் பிழை ஏறத்தாழப் பாதிதான் குறையும்.

## இடது முனை

i-ஆவது துண்டின் இடது முனை 1 + 2(i−1)/n. அல்லது i-ஐ 0 முதல் n−1 வரை ஓடவிட்டு 1 + 2i/n என்றே வைத்துக்கொள்ளலாம். விடை:

```
Lₙ = 26/3 − 8/n + 4/(3n²)
```

வலது முனையோடு ஒப்பிட்டால் ஒரு குறி மட்டும் மாறியிருக்கிறது. இடது, வலது இரண்டிலும் நடுவே உள்ள உயரங்கள் எல்லாம் பொது. வலதில் கடைசி உயரம் f(3) கூடுதலாகவும், இடதில் முதல் உயரம் f(1) கூடுதலாகவும் இருக்கின்றன. ஆகவே Rₙ − Lₙ = (9 − 1) × 2/n = 16/n. வலதைக் கண்டுபிடித்தவருக்கு இடது இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தனியாகப் போட வேண்டியதில்லை.

தனியாகப் போடுபவருக்கு ஒரு குழி காத்திருக்கிறது. i ஆனது n−1-இல் நின்றுவிடுவதால் Σi = n(n−1)/2 என்றும் Σi² = (n−1)n(2n−1)/6 என்றும் எழுத வேண்டும். பழக்கத்தில் n(n+1)/2 என்று எழுதிவிட்டாலும் எல்லை 26/3 என்றே வந்துவிடும்! தவறு எல்லையில் கரைந்து காணாமல் போய்விடுகிறது. விடை சரியாக இருக்கிறதே என்று மாணவர் நகர்ந்துவிடுவார். படியைப் பார்க்கும் திருத்துநர் நகர மாட்டார்.

இடது முனையின் உண்மையான பயன் வலதோடு சேரும்போதுதான் தெரியும். x² இந்த இடைவெளியில் ஏறுமுகமாக இருப்பதால் இடது செவ்வகங்கள் வளைவரைக்குள் அடங்கும். வலது செவ்வகங்கள் அதற்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். n = 4 என்றால் பரப்பு 6.75-க்கும் 10.75-க்கும் இடையே. n = 100 என்றால் 8.5868-க்கும் 8.7468-க்கும் இடையே. இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் இந்த வேலையை ஒரு முனை மட்டும் செய்யாது.

அந்த நெருக்கலை எல்லா இடத்திலும் நம்பிவிடவும் கூடாது. ∫₋₁¹ x² dx-ஐப் பாருங்கள். x² முதலில் இறங்கி, பிறகு ஏறுகிறது. f(−1) = f(1) என்பதால் இடதும் வலதும் எந்த n-க்கும் ஒன்றாகவே வரும். n = 4 என்றால் இரண்டும் 0.75. இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆகவே விடை 0.75 என்று ஒரு மாணவி ஒருமுறை எழுதியிருந்தார். அவருடைய தர்க்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நம்பிய நிபந்தனைதான் அங்கே இல்லை. உண்மை விடை 2/3. இரண்டு கூட்டுத்தொகைகளும் 2/3 + 4/(3n²), அதாவது இரண்டுமே எப்போதும் விடைக்கு மேலே. இதைச் சரிசெய்ய இடைவெளியை 0-வில் பிரித்து, இறங்கும் பகுதியையும் ஏறும் பகுதியையும் தனித்தனியாக நெருக்க வேண்டும்.

## நடுப்புள்ளி

i-ஆவது துண்டின் நடுப்புள்ளி 1 + (2i−1)/n. ஒற்றை எண்கள் உள்ளே நுழைவதைக் கண்டதும் பலர் பின்வாங்குவார்கள். ஆனால் முதல் n ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை n². அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை n(4n²−1)/3. இந்த இரண்டும் தெரிந்தால்:

```
Mₙ = (2/n) [ n + (2/n)·n² + (1/n²)·n(4n²−1)/3 ]
   = 26/3 − 2/(3n²)
```

8/n போன்ற உறுப்பு இங்கே இல்லவே இல்லை. n = 4 என்றால் 8.625. பிழை 0.01-க்குக் கீழே வர 9 செவ்வகங்கள் போதும். வலது முனை கேட்ட 801-ஐ ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? ஒரு துண்டின் நடுப்புள்ளியில் வளைவரைக்குத் தொடுகோடு வரையுங்கள். அந்தத் தொடுகோட்டுக்குக் கீழே அமையும் சரிவகத்தின் பரப்பும் நடுப்புள்ளிச் செவ்வகத்தின் பரப்பும் சமம், ஏனென்றால் இடப்பக்கம் குறைந்தது வலப்பக்கம் கூடி ஈடாகிவிடுகிறது. ஆகவே வளைவரையின் சாய்வால் வரும் பிழை முழுதும் நீங்கி, வளைவால் வரும் சிறு பிழை மட்டும் மிஞ்சுகிறது. x²-இன் தொடுகோடு எப்போதும் வளைவரைக்குக் கீழேதான் இருக்கும். அதனால் நடுப்புள்ளி மதிப்பு எப்போதும் விடையைவிடச் சற்றுக் குறைவு. இடது, வலது இரண்டின் சராசரியோ வளைவரைக்கு மேலே போகும் நாண்களின் சரிவகங்களைத் தருவதால் எப்போதும் சற்று அதிகம். n = 4-க்கு அந்தச் சராசரி 8.75. இப்போது விடை 8.625-க்கும் 8.75-க்கும் இடையே சிக்கிக்கொண்டது. 6.75-க்கும் 10.75-க்கும் இடையே அலைந்ததைவிட இது எவ்வளவோ மேல். x² இறங்கி ஏறும் −1 முதல் 1 வரையிலான இடைவெளியிலும் இந்த நெருக்கல் உடையாது, ஏனென்றால் இது ஏறுமுகத்தைக் கேட்கவில்லை, வளைவு ஒரே பக்கமாக இருப்பதை மட்டுமே கேட்கிறது.

கையால் கணக்கிடுபவருக்கு ஒரு செலவு உண்டு. துண்டுகளை இரட்டித்தால் இடது முனைகளில் பழையவை எல்லாம் மீண்டும் பயன்படும். நடுப்புள்ளிகளில் ஒன்றுகூடப் பயன்படாது, எல்லா உயரங்களையும் புதிதாகக் காண வேண்டும். எல்லையைத் தாளில் காண்பவருக்கு இது பொருட்டில்லை. கணிப்பானோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பொருட்டு.

## பெருக்குத் தொடர்த் துண்டுகள்

சமதுண்டுகளாகத்தான் வெட்ட வேண்டும் என்று வரையறை சொல்லவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா பெருக்குத் தொடராக வெட்டினார். நம் கணக்கில் q = 3^(1/n) என்று வைத்து, வெட்டும் புள்ளிகளை 1, q, q², ..., qⁿ = 3 என்று எடுப்போம். n = 4 என்றால் புள்ளிகள் 1, 1.316, 1.732, 2.280, 3. துண்டுகள் வலப்பக்கம் போகப் போக அகலமாகின்றன.

qⁱ-இல் தொடங்கும் துண்டின் அகலம் qⁱ(q−1). இடது முனையில் உயரம் q²ⁱ. பரப்பு (q−1)q³ⁱ. எல்லாவற்றையும் கூட்டினால் பொது விகிதம் q³ கொண்ட பெருக்குத் தொடர் கிடைக்கிறது:

```
Gₙ = (q−1)(q³ⁿ − 1)/(q³ − 1) = 26/(1 + q + q²)
```

q³ⁿ என்பது 27 என்பதால் மேலே 26 வந்தது. n பெருகும்போது q ஒன்றை நெருங்கும், கீழே 3 ஆகும், விடை 26/3. Σi² சூத்திரம் எங்கேயும் தேவைப்படவில்லை. முதல்முறை பார்த்தபோது இது ஏதோ கண்கட்டு வித்தை என்றே எனக்குப் பட்டது.

தோராய மதிப்பாக இது சுமார்தான். n = 4-க்கு 6.42, சாதாரண இடது முனை தந்த 6.75-ஐவிட மோசம். வேறு நிபந்தனைகளும் உண்டு. மிக அகலமான துண்டு 3 − 3/q என்பதும் 0-வை நெருங்குகிறது என்று காட்டியாக வேண்டும். சமதுண்டுகளில் இந்தக் கேள்வியே எழாது. கீழ் எல்லை 0 என்றால் முடிவுள்ள எண்ணிக்கையில் பெருக்குத் தொடர் அங்கே போய்ச் சேராது. x² + 3x போன்ற கோவைக்கு ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும்.

அடுக்கு பெரிதாகும்போது இந்த வழி தன் பலத்தைக் காட்டும். ∫₁³ x¹⁰ dx-ஐ வலது முனையில் போட்டால் பத்தாம் அடுக்குகள் வரையிலான கூட்டுத்தொகைகள் வந்து நிற்கும். பெருக்குத் தொடரில் அதே நான்கு வரிகள், விடை (3¹¹ − 1)/11. √x-க்குச் சமதுண்டுகளில் Σ√i வரும். அதற்கு நேரான சூத்திரம் இல்லை. பெருக்குத் தொடர் அதையும் சிரமமின்றி முடிக்கிறது. 1/x-ஐப் போட்டுப் பார்ப்பவருக்கு ஒரு சிறு பரிசு உண்டு: எல்லாச் செவ்வகங்களின் பரப்பும் ஒரே அளவாக, q−1 என்று வரும்.

## ஒரே பார்வையில்

| | வலது முனை | இடது முனை | நடுப்புள்ளி | பெருக்குத் தொடர் |
|---|---|---|---|---|
| n துண்டுகளுக்கு | 26/3 + 8/n + 4/(3n²) | 26/3 − 8/n + 4/(3n²) | 26/3 − 2/(3n²) | 26/(1+q+q²) |
| n = 4 | 10.75 | 6.75 | 8.625 | 6.42 |
| தேவையான சூத்திரம் | Σi, Σi² | அவையே, n−1 வரை | ஒற்றை எண்களுக்கானவை | பெருக்குத் தொடர் |
| மறைந்திருக்கும் செலவு | தோராயம் மோசம் | தவறு எல்லையில் மறையும் | உயரங்கள் மறுபடி உதவா | கீழ் எல்லை 0 ஆகாது |

## என் தேர்வு

"கூட்டுத்தொகையின் எல்லையாகக் காண்க" என்று மட்டும் கேட்கும் வினாவுக்கு, இரண்டு அல்லது மூன்று படி உள்ள பல்லுறுப்புக்கோவை என்றால், வலது முனை. மதிப்பு இதற்கு மேல் போகாது, இதற்குக் கீழே இறங்காது என்று காட்ட வேண்டுமென்றால் வலதோடு இடதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் சார்பு ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள். எண்ணாக நல்ல மதிப்பு வேண்டுமென்றால் நடுப்புள்ளி, மறுபேச்சில்லை. அடுக்கு பெரிதாகவோ பின்னமாகவோ இருந்து, இரு எல்லைகளும் மிகை எண்களாக இருந்தால் பெருக்குத் தொடர். வெறும் விடை மட்டும் போதும் என்பவர் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றத்தைப் பயன்படுத்தி (27 − 1)/3 என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போகலாம். அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

எந்த வழியை எடுத்தாலும், எல்லைக்குப் போகும் முன் n கொண்ட கோவையைச் சோதித்துவிடுங்கள். வலது முனைக் கோவையில் n = 1 போட்டால் 26/3 + 8 + 4/3 = 18 வர வேண்டும்; அகலம் 2, உயரம் 9 கொண்ட ஒற்றைச் செவ்வகத்தின் பரப்பு அதுதான். கீழ் எல்லையை மறந்து வலது முனையை 2i/n என்று எழுதியவருக்கு இங்கே 8 வரும். அவர் தெரியாமல் கண்டுபிடித்திருப்பது ∫₀² x² dx-ஐ. ஆனால் n = 1 மட்டும் போதாது. Σ1 என்பதை n என்று எழுதாமல் 1 என்று எழுதுவது வகுப்பில் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. n = 1-இல் இரண்டும் ஒன்று என்பதால் அந்தச் சோதனை இதைப் பிடிக்காது. n = 2 போடுங்கள்: உயரங்கள் 4, 9, அகலம் 1, ஆக 13 வர வேண்டும். தவறு செய்தவருக்கு 12 வரும், அப்படியே எல்லைக்குப் போனால் 20/3 கிடைக்கும்.